இரண்டு பக்கமும் x: தராசா, இடமாற்றா, போட்டுப் பார்ப்பதா?

சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் x இருக்கும்வரை பிள்ளைகளுக்குப் பெரிய தொல்லை கிடையாது. 3x + 2 = 14 என்று கொடுத்தால், இயற்கணிதம் தெரியாத பிள்ளைகூட பின்னாலிருந்து நடந்து வந்துவிடும். 14-இல் 2 போனால் 12, அதை மூன்றால் வகுத்தால் 4. முடிந்தது. ஆனால் 5x + 200 = 2x + 1400 என்று எழுதிக் கொடுங்கள், அதே பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிடும். பின்னாலிருந்து வர வேண்டுமென்றால் பின்னால் ஒரு எண் நிற்க வேண்டும். இங்கே அங்கேயும் x நிற்கிறது.

நாகர்கோவிலில் டியூஷன் எடுக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பள்ளியில் அந்தப் பக்கம் போனால் குறி மாறும் என்கிறார்கள், நீங்கள் தராசு வரைகிறீர்கள், இவன் வீட்டில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்து விடை எழுதுகிறான். எதைத்தான் சார் படிக்க வேண்டும்?” மூன்றும் சரியான வழிதான், மூன்றிலும் ஒரே விடைதான் வரும். எதை முதலில் கையில் கொடுப்பது, எதை அப்புறம் கொடுப்பது, எது எங்கே கைவிட்டுவிடும் என்பதில்தான் வேறுபாடு. அதைப் பார்க்க ஒரே கணக்கை மூன்று வழியிலும் போட்டுவிடலாம்.

கணக்கு இது. நம் மாவட்டத்தில் மாறாமலைப் பக்கம் விளையும் கிராம்பைப் பொட்டலம் போட்டு வைத்திருக்கிறார்கள். எல்லாப் பொட்டலமும் ஒரே எடை. ஆனால் எத்தனை கிராம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தட்டுத் தராசின் இடப்பக்கத் தட்டில் ஐந்து பொட்டலங்களும் ஒரு 200 கிராம் படிக்கல்லும் இருக்கின்றன. வலப்பக்கத் தட்டில் இரண்டு பொட்டலங்கள், கூடவே ஒரு கிலோ கல் ஒன்றும் 200 கிராம் கற்கள் இரண்டும். முள் நடுவில் நேராக நிற்கிறது. ஒரு பொட்டலத்தின் எடை என்ன?

ஒரு பொட்டலத்தின் எடையை, கிராம் கணக்கில், x என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கக் கற்கள் சேர்ந்து 1400 கிராம். அப்படியானால்

5x + 200 = 2x + 1400

இங்கே தொடக்கத்திலேயே இரண்டு விஷயங்கள் தெளிவாக வேண்டும். முதலாவது, x என்பது பொட்டலம் இல்லை, பொட்டலத்தின் எடை. அது ஒரு எண். ‘x என்றால் கிராம்பு’ என்று நினைக்கும் பிள்ளை கொஞ்ச நாளில் 5x + 200-ஐக் கூட்டி 205x என்று எழுதும். ஐந்து பொட்டலமும் 200 கிராம் கல்லும் சேர்ந்தால் 205 பொட்டலம் ஆகாது என்று தட்டைக் காட்டித்தான் புரியவைக்க முடியும்.

இரண்டாவது, நடுவில் இருக்கும் சமக்குறி. ஒன்றாம் வகுப்பிலிருந்து 7 + 5 = என்று போட்டு விடையை எழுதிப் பழகிய பிள்ளைக்கு, சமக்குறி என்றால் ‘இதோ விடை வருகிறது’ என்று அர்த்தம். இன்றைக்கு வடசேரிச் சந்தையில் பார்த்தாலும் தோவாளைப் பூச்சந்தையில் பார்த்தாலும் மின்னணுத் தராசுதான் முன்னால் நிற்கிறது. பொருளை வைத்தால் எண் வருகிறது. அந்தத் தராசைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை சமக்குறியையும் அப்படித்தான் படிக்கும். நமக்கு வேண்டியது இரண்டு தட்டு உள்ள பழைய தராசு. அது எவ்வளவு என்று சொல்லாது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமா என்று மட்டும் சொல்லும். ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் 1557-இல் இந்தக் குறியை முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போட்டதற்கும் அதுதான் காரணம். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள் இருக்க முடியாது என்றார். வீட்டில் பழைய தட்டுத் தராசு இல்லாவிட்டால், சட்டை மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் ஒரே மாதிரியான கிண்ணங்களைத் தொங்கவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். அரை மணி நேர வேலை.

போட்டுப் பார்ப்பது

இந்த வழியை மட்டமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றுமே தெரியாமல் வருகிற பிள்ளைக்குக் கேள்வி என்ன கேட்கிறது என்பதையே இதுதான் சொல்லிக்கொடுக்கிறது: எந்த எண்ணை x இருக்கும் இடத்தில் வைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகும்?

பொட்டலம் 100 கிராம் என்று வைத்துப் பார்ப்போம். இடப்பக்கம் 500-உம் 200-உம் சேர்ந்து 700. வலப்பக்கம் 200-உம் 1400-உம் சேர்ந்து 1600. வலப்பக்கம் 900 கூடுதல். சரி, 200 வைத்தால்? இடம் 1200, வலம் 1800, இடைவெளி 600. 300 வைத்தால் இடம் 1700, வலம் 2000, இடைவெளி 300. 400 வைத்தால் இரண்டு பக்கமும் 2200. விடை 400 கிராம்.

விடையைவிட அந்த இடைவெளி குறைந்த விதம்தான் கவனிக்க வேண்டியது. 900, 600, 300, 0. நாம் 100 கிராம் கூட்டும் ஒவ்வொரு தடவையும் இடைவெளி 300 குறைந்திருக்கிறது. ஏன் 300? இடப்பக்கம் ஐந்து பொட்டலம் இருப்பதால் அங்கே 500 ஏறுகிறது. வலப்பக்கம் இரண்டு இருப்பதால் 200 ஏறுகிறது. இடப்பக்கம் கூடுதலாக இருக்கும் மூன்று பொட்டலம்தான் இடைவெளியை அடைக்கிறது. இதைப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அடுத்த வழியில் 3x எங்கிருந்து வந்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இதையே நம்பி இருக்க முடியாது. 5x + 3 = 2x + 10 என்று கொடுத்தால், x = 2 வைக்கும்போது இடம் 13, வலம் 14. x = 3 வைக்கும்போது இடம் 18, வலம் 16. விடை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. 2.3, 2.33, 2.333 என்று போய்க்கொண்டே இருந்தாலும் முள் நேராகாது, ஏனென்றால் விடை 7/3. போட்டுப் பார்க்கும் பிள்ளை இங்கே ‘கணக்கு தப்பு சார்’ என்று சொல்லும். அப்புறம், தேர்வில் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு. விடை மட்டும் எழுதினால் அது கிடைக்காது.

தராசில் இரண்டு பக்கமும் ஒன்றையே செய்வது

இதன் விதி ஒன்றுதான். முள் நேராக நிற்கும்போது, ஒரு தட்டில் என்ன செய்கிறோமோ அதையே மற்றத் தட்டிலும் செய்தால் முள் நேராகவே நிற்கும். இரண்டிலிருந்தும் ஒரே எடையை எடுக்கலாம், இரண்டிலும் ஒரே எடையைக் கூட்டலாம், இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்கலாம், பூச்சியம் அல்லாத ஒரே எண்ணால் வகுக்கலாம்.

இங்கே பிள்ளைகள் கேட்கும் நல்ல கேள்வி ஒன்று உண்டு. “பொட்டலத்தின் எடையே தெரியாதே சார், தெரியாத ஒன்றை எப்படி எடுப்பது?” எடை தெரிய வேண்டியதில்லை மக்களே, இரண்டு பக்கமும் அதே எடை என்று தெரிந்தால் போதும். இடத்தட்டிலிருந்து இரண்டு பொட்டலம், வலத்தட்டிலிருந்து இரண்டு பொட்டலம் எடுக்கிறோம். ஒரு பொட்டலம் 50 கிராம் என்றாலும் 5 கிலோ என்றாலும் இரண்டு பக்கமும் போனது ஒரே எடைதான். இரண்டு பக்கமும் x உள்ள கணக்கின் பூட்டு இந்த ஒரு கேள்வியில்தான் திறக்கிறது. அதனால் இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். உண்மையான கிண்ணத்தில் பிள்ளையே இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் எடுத்துப் பார்க்கட்டும்.

எடுத்த பிறகு தட்டில் என்ன இருக்கிறது? இடத்தில் மூன்று பொட்டலமும் 200 கிராமும், வலத்தில் வெறும் கற்கள், 1400 கிராம்.

3x + 200 = 1400

வலப்பக்கத்தில் x காலி. இது நாம் ஏற்கெனவே போட்டுப் பழகிய சாதாரணக் கணக்கு. இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் 200 கிராம் கல்லை எடுத்தால்

3x = 1200

மூன்று பொட்டலம் 1200 கிராம். இரண்டு பக்கத்தையும் மூன்று சம பங்காகப் பிரித்து ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டால்

x = 400

நோட்டில் எழுதும்போது ஒவ்வொரு வரியின் வலது ஓரத்திலும் ‘இருபுறமும் 2x கழி’, ‘இருபுறமும் 200 கழி’, ‘இருபுறமும் 3-ஆல் வகு’ என்று எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது, கை வலிக்கிறது என்பார்கள். ஆனால் விடை தப்பாக வந்தால் எந்த வரியில் தப்பு என்று கண்டுபிடிக்க அந்த ஓரக் குறிப்புதான் உதவும்.

கடைசியாக, வந்த 400-ஐ முதல் வரியில், அதாவது 5x + 200 = 2x + 1400 என்ற வரியில், வைத்துப் பார்க்க வேண்டும். இடம் 2000 + 200 = 2200. வலம் 800 + 1400 = 2200. சமம். நடுவில் வந்த 3x + 200 = 1400-இல் வைத்துப் பார்ப்பது போதாது. முதல் வரியிலிருந்து இரண்டாம் வரிக்கு வரும்போதே தப்பு நடந்திருந்தால் அந்தச் சோதனை அதைக் காட்டாது. போட்டுப் பார்க்கும் வழி இப்படிச் சோதனையாக மாறித் திரும்ப வருகிறது, அதனால்தான் அதைத் தள்ளிவிட வேண்டாம் என்றேன்.

எதை முதலில் எடுப்பது என்று கேட்பார்கள். 200-ஐ முதலில் எடுத்தாலும் தப்பில்லை: 5x = 2x + 1200, பிறகு 2x-ஐ எடுத்தால் 3x = 1200. அதே இடத்துக்குத்தான் வருகிறோம். ஆனால் 5x-ஐ இரண்டு பக்கமும் கழித்தால் என்ன ஆகும்? 200 = −3x + 1400. இதுவும் கணக்குப்படி சரியே, ஆனால் தட்டில் ‘கழித்தல் மூன்று பொட்டலம்’ என்று எதுவும் வைக்க முடியாது. வலப்பக்கத்தில் இரண்டு பொட்டலம்தான் இருக்கிறது, ஐந்தை எப்படி எடுப்பது? புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு நான் சொல்வது, x குறைவாக இருக்கும் பக்கம் எதுவோ அந்தப் பக்கத்து x முழுவதையும் எடுத்துவிடு என்பதுதான். குறி குழப்பம் பாதி அங்கேயே ஒழிந்துவிடும்.

அந்த யோசனையைப் பின்பற்றினால் சில நேரம் x வலப்பக்கத்தில் வந்து நிற்கும். 2x + 1400 = 5x + 200 என்று கொடுத்திருந்தால் 1200 = 3x என்று முடியும். x இடப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் சட்டம் இல்லை. தராசைத் திருப்பிப் பிடித்தாலும் முள் நேராகத்தான் நிற்கும், அதனால் 400 = x என்பதை x = 400 என்று எழுதிக்கொள்ளலாம். இதற்காக இன்னொரு வரி போட்டு எல்லாவற்றையும் பக்கம் மாற்றிக் குறியில் தப்பு செய்கிறவர்கள் நிறையப் பேர்.

இடமாற்று முறை

பள்ளியில் பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பது இது. x உள்ளதெல்லாம் ஒரு பக்கம், எண்களெல்லாம் மறுபக்கம், சமக்குறியைத் தாண்டினால் குறி மாறும்.

5x − 2x = 1400 − 200
3x = 1200
x = 400

சின்ன வழி, மறுக்கவில்லை. தேர்வில் நேரம் மிச்சம். உள்ளே நடப்பதும் தராசு வேலைதான். இருபுறமும் 2x கழித்தபோது வலப்பக்கத்தில் 2x − 2x போய்ப் பூச்சியமானது, இடப்பக்கத்தில் −2x எழுதப்பட்டது. நடுவில் இருக்கும் அந்த வரியை எழுதாமல் விட்டால், 2x சமக்குறியைத் தாண்டிக் குறி மாறி உட்கார்ந்தது மாதிரித் தெரிகிறது. உண்மையில் எதுவும் தாண்டிப் போகவில்லை.

இது தெரியாமல் விதியை மட்டும் பிடித்துக்கொண்ட பிள்ளை இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, நகராத உறுப்புக்கும் குறியை மாற்றிவிடும். 5x + 200 = 2x + 1400-இல் 5x அதன் இடத்திலேயே இருக்கிறது, ஆனாலும் −5x என்று எழுதிவிடும். இது கவனக்குறைவு, நாலு கணக்கு போட்டால் சரியாகும்.

இரண்டாவது சறுக்கல் கொஞ்சம் ஆழமானது. 3x = 1200 வரை சரியாக வந்துவிட்டு, ‘3 அந்தப் பக்கம் போகிறது, குறி மாறும்’ என்று x = 1200 − 3 = 1197 என்று எழுதும். இல்லாவிட்டால் 1200-ஐ −3-ஆல் வகுத்து x = −400 என்று எழுதும். பிள்ளை விதியை மீறவில்லை, விதியை உண்மையாகவே பின்பற்றியிருக்கிறது. கூட்டலுக்கு ஒரு விதி, பெருக்கலுக்கு வேறு விதி என்று சொல்லித் திருத்தலாம், அப்படித்தான் பலரும் திருத்துகிறார்கள். ஆனால் அடுத்த மாதம் அந்த இரண்டும் கலந்துவிடும். தராசில் பார்த்த பிள்ளைக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. தட்டில் மூன்று பொட்டலம் இருக்கிறது, ஒரு பொட்டலத்துக்கு வர வேண்டும். மூன்று கிராமை எடுத்தால் ஒரு பொட்டலம் கிடைக்குமா? மூன்றாகப் பிரித்தால்தான் கிடைக்கும். 3 என்பது தட்டில் வைத்த கல் இல்லை, பொட்டலங்களின் எண்ணிக்கை.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், இது எந்த வழியில் படித்தாலும் வரும். சமக்குறிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கும் 5x-ஐயும் 2x-ஐயும் கூட்டி 7x = 1600 என்று எழுதுவது. விடை 228-சொச்சம் என்று அசிங்கமாக வரும்போதே சந்தேகம் வர வேண்டும். ஆனால் எண்கள் தற்செயலாகச் சரியாக வகுபட்டுவிட்டால் சந்தேகம் வராது, முதல் வரியில் வைத்துப் பார்த்தால் மட்டுமே பிடிபடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துச் செய்யட்டும், இடைவெளி எப்படிக் குறைகிறது என்று பார்ப்பதற்காக. உடனே தராசுக்கு வந்துவிட வேண்டும். ஓரக் குறிப்பைப் பார்க்காமலே பிள்ளை சரியாக எழுதத் தொடங்கும்வரை, சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு ஒரு மாதம், இடமாற்று என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். அதன் பிறகு இடமாற்று தானாகவே வந்து சேரும். ‘இருபுறமும் 2x கழி’ என்று எழுதி எழுதி அலுத்துப்போன பிள்ளை ஒரு நாள் நடு வரியை விட்டுவிட்டு நேராக அடுத்த வரியை எழுதும். அதுதான் இடமாற்று முறை. அப்படி வந்து சேர்ந்தவர்கள் 1197 எழுதுவதை நான் பார்த்ததில்லை.

தேர்வு நாளைக்கு என்று வந்து நிற்கும் பிள்ளைக்கு என்ன செய்வது? இடமாற்றையே செய்யட்டும், ஆனால் கடைசி வரிக்கு மட்டும், அதாவது 3x = 1200 என்று வந்த இடத்தில், ‘எத்தனை பொட்டலம்? பங்கு போடு’ என்று கேட்டுக்கொள்ளட்டும். முழுத் தராசுக்கு நேரம் இல்லாதபோது இது ஒன்றாவது உதவும்.

தட்டில் வைக்க முடியாத கணக்குகள்

தராசுக்கும் எல்லை உண்டு. அதை மறைத்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை பின்னால் நம்மை நம்பாது.

20 − 3x = 2x + 5 என்று கொடுத்தால் இடத்தட்டில் என்ன வைப்பது? 20-இலிருந்து மூன்று x குறைந்துபோன நிலை அது. அப்படியானால் குறைந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இரண்டு பக்கமும் 3x கூட்டினால் இடப்பக்கம் முழு 20 ஆகிறது.

20 = 5x + 5

இப்போது தட்டில் வைக்கக்கூடிய கணக்கு. இருபுறமும் 5 கழித்தால் 15 = 5x, x = 3. வைத்துப் பார்த்தால் இடம் 20 − 9 = 11, வலம் 6 + 5 = 11. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி சமன்பாடுகளைத் தீர்க்கச் சொன்ன வேலைகளில் முக்கியமானவை இரண்டு. குறைந்ததை இருபுறமும் கூட்டி நிறைவாக்குவது ஒன்று, இருபுறமும் பொதுவாக உள்ளதை எடுத்துவிடுவது மற்றொன்று. நாம் இவ்வளவு நேரம் செய்ததும் அந்த இரண்டும்தான். குறைக்குறி எண் ஒன்றைத் தனியாக நிற்கவைக்க அவரும் விரும்பவில்லை.

விடையே குறையெண்ணாக வந்தால் தட்டு உண்மையிலேயே கைவிட்டுவிடும். 2x + 9 = 5x + 15-இல் இருபுறமும் 2x எடுத்தால் 9 = 3x + 15. 9 கிராமும், 15 கிராமோடு மூன்று பொட்டலமும் சமம் என்றால் பொட்டலத்துக்கு எடை பூச்சியத்தைவிடக் குறைவு. கிராம்பில் அப்படி இல்லை. ஆனால் நோட்டில் இருபுறமும் 15 கழித்தால் −6 = 3x, x = −2. இடப்பக்கம் −4 + 9 = 5, வலப்பக்கம் −10 + 15 = 5. படம் நின்றுவிட்டது, விதி நிற்கவில்லை. இந்த இடம் வரும்போது பொட்டலத்தையும் கல்லையும் ஓரமாக வைத்துவிட்டு ‘இருபுறமும் ஒன்றையே செய்’ என்பதை மட்டும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தராசை வரைய முடியாத கணக்கு வந்தபிறகும் வரையச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் பிள்ளை குழம்பத்தான் செய்யும்.

கடைசியாக ஒன்று. இப்படி இரண்டு பக்கமும் x வரும் கணக்கு பாடநூலுக்கு வெளியே எங்கே வருகிறது என்று கேட்பவர்களுக்கு. வீடு மாற்ற நாகர்கோவிலில் டெம்போ பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏற்றி இறக்க 300 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் 500 ரூபாய், கிலோமீட்டருக்கு 15 ரூபாய். (எண்கள் கணக்குக்காகப் போட்டவை. இந்த விலைக்கு வண்டி கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.) தூரம் x கிலோமீட்டர் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே வாடகை வருவது எப்போது?

300 + 20x = 500 + 15x

x குறைவாக உள்ள பக்கம் வலம். இருபுறமும் 15x எடுத்தால் 300 + 5x = 500. இருபுறமும் 300 எடுத்தால் 5x = 200. x = 40. சோதித்தால் 300 + 800 = 1100, 500 + 600 = 1100. நாற்பது கிலோமீட்டருக்குள் என்றால் முதல் வண்டி மலிவு, அதற்கு மேல் என்றால் இரண்டாவது. கன்னியாகுமரிக்குப் போவதென்றால் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர்தான், முதல் வண்டியைப் பேசலாம். திருவனந்தபுரத்துக்கு என்றால் இரண்டாவது.

இரண்டாவது ஆள் 450 ரூபாயும் கிலோமீட்டருக்கு அதே 20 ரூபாயும் கேட்டிருந்தால்?

300 + 20x = 450 + 20x

இருபுறமும் 20x எடுத்தால் 300 = 450. x காணாமல் போய்விட்டது, மிஞ்சியது பொய். பிள்ளைகள் இங்கே பதறி x = 0 என்று எழுதுவார்கள். அது விடை இல்லை. x = 0 வைத்தாலும் 300-உம் 450-உம் சமமாகாது. 20x + 300 = 15x + 300 மாதிரியான கணக்கில்தான் x = 0 உண்மையான விடை, அங்கே கடைசி வரி 5x = 0 என்று வரும், x இன்னும் உயிரோடு இருக்கும். இங்கே x போய்ப் பொய் மிஞ்சியதால் இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு இல்லை என்று எழுத வேண்டும். எவ்வளவு தூரம் போனாலும் இந்த இரண்டு வாடகையும் ஒன்றாகாது, முதல் வண்டி எப்போதும் 150 ரூபாய் குறைவாகவே இருக்கும்.